கட்டு அவிழ்ந்த நேரம் எங்கே எழுதியிருக்கிறது?

மனநல வார்டில் நோயாளியைக் கட்டிவைப்பது பற்றி ஆடிட் செய்யலாம் என்று யாராவது சொன்னால், எல்லோருடைய கையும் முதலில் ரெஸ்ட்ரெயின்ட் பதிவேட்டுக்குத்தான் போகும். மூன்று மாதப் பக்கங்களைப் புரட்டி, எத்தனை பேர், என்ன காரணம், டாக்டர் கையெழுத்து இருக்கிறதா இல்லையா என்று எண்ணி, சதவீதம் போட்டு ஒரு மீட்டிங்கில் வாசித்துவிடலாம். வேலூர் மாவட்டத்தில் ஒரு தீவிர சிகிச்சை மனநல வார்டில் நர்சிங் பொறுப்பில் இருக்கிறேன். இந்த ஆடிட்டை வடிவமைக்க உட்கார்ந்தபோது எங்களுக்குள் நடந்த முதல் விவாதமே அந்தப் பதிவேட்டை நம்பலாமா என்பதுதான். பதிவேட்டில் இருப்பது எழுதப்பட்ட கட்டுகள் மட்டுமே. எழுதாமல் கட்டியதையும், அவிழ்த்த நேரம் எழுதாமல் விட்டதையும் கண்டுபிடிக்க வழி வைக்காத ஆடிட், ஒழுங்காக எழுதும் சிஸ்டரைக் குற்றவாளி ஆக்கும், எழுதாதவரைக் காப்பாற்றும்.

அதனால் இந்தக் கட்டுரையில் அந்த ஒரு பகுதியை மட்டும் விரிவாகச் சொல்கிறேன்: ஒரு கட்டு எப்போது தொடங்கி எப்போது முடிகிறது, அதை எப்படி எண்ணுவது.

எதனோடு ஒப்பிடுவது என்பதில் நமக்குக் குழப்பம் இல்லை. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் 2018 மே 29 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் 97ஆம் பிரிவு இதற்காகவே எழுதப்பட்டது. தனக்கோ பிறருக்கோ உடனடியாக நேரவிருக்கும் ஆபத்தைத் தடுக்க வேறு வழியே இல்லை என்றால் மட்டும் கட்டலாம். சிகிச்சைக்குப் பொறுப்பான மனநல மருத்துவர் அனுமதிக்க வேண்டும். தேவைக்கு மேல் ஒரு நிமிடமும் நீளக் கூடாது. எப்படிக் கட்டினோம், ஏன், எவ்வளவு நேரம் என்பதை உடனே கேஸ் ஷீட்டில் எழுத வேண்டும். நோயாளியின் நியமனப் பிரதிநிதிக்கு 24 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். தண்டனையாகக் கட்டக் கூடாது, ஆள் பற்றாக்குறையை மட்டும் காரணமாக வைத்தும் கட்டக் கூடாது. ஒவ்வொரு நிகழ்வும் மாதந்தோறும் மனநல மறுஆய்வு வாரியத்துக்குப் போகும் அறிக்கையில் இடம்பெற வேண்டும். சங்கிலியை 95ஆம் பிரிவு முழுவதுமாகத் தடை செய்கிறது. 2001 ஆகஸ்டில் ஏர்வாடியில் தீப்பிடித்தபோது சங்கிலியில் இருந்தவர்களால் ஓட முடியவில்லை. அதை அறிந்த தமிழ்நாட்டில் அந்த வரியை விளக்க வேண்டியதில்லை.

தனியறையில் அடைப்பது பற்றிச் சட்டம் இன்னும் கறாராக இருக்கிறது: கூடவே கூடாது. ஆகவே ஆடிட்டில் அதற்கான தர அளவு பூஜ்யம். இங்கே சிக்கல் எண்ணிக்கையில் இல்லை, எதை அடைப்பு என்று எடுத்துக்கொள்வது என்பதில்தான். எங்கள் பக்கத்து வார்டுகளில் நோயாளியோடு வீட்டார் ஒருவர் தங்குவது வழக்கம். ஒரு பையனை அவன் அம்மாவோடு சேர்த்து ஓர அறையில் விட்டு வெளியே தாழ் போட்டால் அது என்ன? 'தனியாக இல்லையே, அம்மா கூட இருக்காங்களே' என்று வாதம் வந்தது. நான் அதை ஏற்கவில்லை. பூட்டு இருக்கிறதா, கூட ஆள் இருக்கிறாரா என்று கேட்பதை விட்டுவிட்டு, அவர் நினைத்தால் வெளியே வர முடியுமா என்று மட்டும் கேட்டோம். முடியாது என்றால் அது அடைப்பு. கதவு திறந்திருந்து வாசலில் செக்யூரிட்டி நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாலும் அடைப்புதான். அம்மாவோடு அடைத்ததைத் தனிப் பத்தியில் எழுதச் சொன்னோம். அங்கே இன்னொரு ஆபத்தும் சேர்ந்துகொள்கிறது: கிளர்ச்சியில் இருக்கும் ஒருவரோடு அந்த அம்மாவும் பூட்டப்பட்டிருக்கிறார்.

இனி கட்டு. நடந்ததை மறைத்து, பல பேருடைய அனுபவத்தைச் சேர்த்து, ஒரு உதாரணமாக அமைத்துச் சொல்கிறேன். குடியாத்தம் பக்கத்திலிருந்து 23 வயது இளைஞர். மேனியா. மூன்று நாளாகத் தூக்கமில்லை. இரவு பக்கத்துக் கட்டில்காரரின் கழுத்தைப் பிடிக்கிறார். 11.40க்கு இரண்டு கையும் ஒரு காலும் துணிப்பட்டையால் கட்டிலில் கட்டப்படுகின்றன. 11.45க்கு அமைதிப்படுத்த ஹாலோபெரிடால், புரோமெத்தசின் ஊசி. 1.15க்கு பாத்ரூம் போக அவிழ்க்கிறார்கள். 1.35க்குத் திரும்பக் கட்டுகிறார்கள். 3 மணிக்குத் தூங்கிவிடுகிறார். காலை 7 மணிக்கு ஷிப்ட் மாறும்போது புது சிஸ்டர் வந்து பார்த்து அவிழ்க்கிறார்.

கேஸ் ஷீட்டில் இருந்தது இவ்வளவுதான்: 'பேஷண்ட் அக்ரெஸிவ், ரெஸ்ட்ரெயின் செய்யப்பட்டது, ஊசி போடப்பட்டது, தூங்குகிறார்.' டாக்டர் கையெழுத்து இருக்கிறது. பதிவேட்டைப் பார்த்து டிக் போடும் ஆடிட்டில் இது முழு மதிப்பெண் வாங்கிவிடும்.

இது ஒரு நிகழ்வா, இரண்டா? முன்கூட்டியே முடிவு செய்யாவிட்டால் தரவு சேகரிக்கும் இரண்டு பேர் இரண்டு விதமாக எண்ணுவார்கள். பாத்ரூம், சாப்பாடு, கை மாற்றிக் கட்டுவது போன்றவற்றுக்காக ஒரு மணி நேரத்துக்குள் அவிழ்த்துத் திரும்பக் கட்டினால் அது அதே நிகழ்வு, அவிழ்ந்திருந்த நேரத்தை மட்டும் கழித்துக்கொள்வது என்று விதி வைத்தோம். ஒரு மணி நேரத்துக்கு மேல் சுதந்திரமாக இருந்துவிட்டுத் திரும்பக் கட்டப்பட்டால் புது நிகழ்வு. அதற்குப் புது அனுமதி வேண்டும், புதுக் காரணமும் வேண்டும். ஒரு மணி நேரம் என்பது வேதவாக்கு இல்லை. வேறு வார்டு அரை மணி என்று வைக்கலாம். ஆனால் முதல் ஆடிட்டுக்கு வைத்த விதியே மறு ஆடிட்டுக்கும் இருக்க வேண்டும். நடுவில் விதியை மாற்றினால் எண்ணிக்கை தானாகவே ஏறும், இறங்கும்.

அப்படியானால் இது ஒரே நிகழ்வு. 11.40 முதல் 7 வரை 7 மணி 20 நிமிடம். பாத்ரூமுக்கான 20 நிமிடம் போக 7 மணி நேரம். ஆனால் அவர் 3 மணிக்கே தூங்கிவிட்டார். ஆபத்து இருந்த நேரம், அதிகபட்சமாகக் கணக்கிட்டாலும், 3 மணி நேரம்தான். மீதி 4 மணி நேரம் ஒரு தூங்கும் மனிதர் கட்டப்பட்டுக் கிடந்திருக்கிறார். சட்டத்தின் 'தேவைக்கு மேல் கூடாது' என்ற வரி மீறப்பட்டது அந்த நான்கு மணி நேரத்தில். அனுமதி, காரணம், கையெழுத்து என்று நாம் வழக்கமாகத் தேடும் எதிலும் அது தெரியாது.

இதனால்தான் படிவத்தில் இரண்டு நேரங்களுக்குப் பதில் மூன்று நேரங்களைக் கேட்டோம்: கட்டிய நேரம், அமைதியான நேரம், அவிழ்த்த நேரம். இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் உள்ள இடைவெளிதான் இந்த ஆடிட்டின் உயிர் என்று நினைக்கிறேன். மொத்த நேரம் நீளமாக இருப்பதற்கு நோயின் தீவிரம் ஒரு காரணமாக இருக்கலாம். அந்த இடைவெளி நீளமாக இருப்பதற்கு நோய் காரணமாக இருக்க முடியாது, வார்டின் பழக்கம்தான் காரணம்.

இதற்கு வேலூரிலேயே நல்ல ஆதாரம் இருக்கிறது. கிளர்ச்சியில் வரும் நோயாளிகளை ஊசியால் அமைதிப்படுத்துவது பற்றி கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் நடந்த பரிசோதனைகள் உலகம் முழுவதும் மேற்கோள் காட்டப்படுகின்றன. 2007இல் வெளியானதில் 300 பேர். பாதிப் பேருக்கு ஓலன்சாபின், பாதிப் பேருக்கு ஹாலோபெரிடாலும் புரோமெத்தசினும். 15, 30, 60, 120, 240 நிமிடங்களில் ஒவ்வொருவரும் அமைதியாகிவிட்டாரா, தூங்கிவிட்டாரா என்று பார்த்து எழுதினார்கள். 4 மணி நேரத்தில் இரு பக்கமும் கிட்டத்தட்ட எல்லோருமே அமைதியாகியிருந்தார்கள். அதற்குள் கூடுதல் மருந்து தேவைப்பட்டவர்கள் ஓலன்சாபின் பக்கம் 43 சதவீதம், மற்றப் பக்கம் 21 சதவீதம். இந்த எண்களில் இருந்து எங்கள் ஆடிட்டுக்கு ஒரு நேர்மையான எல்லை கிடைத்தது: ஊசி போட்டு 4 மணி நேரம் தாண்டியும் கட்டு தொடர்ந்தால், அந்த ஒவ்வொரு நிகழ்வையும் சீனியர் டாக்டரும் நர்ஸும் உட்கார்ந்து தனியாகப் படிக்க வேண்டும். நான்கு மணி நேரம் வரை கட்டலாம் என்று இதற்கு அர்த்தம் இல்லை. அதற்குப் பிறகு 'இன்னும் கிளர்ச்சி' என்று ஒற்றை வரி எழுதினால் போதாது என்று அர்த்தம். அங்கே மதுவை நிறுத்தியதால் வந்த குழப்பநிலையோ காய்ச்சலோ மூளைத்தொற்றோ ஒளிந்திருக்கலாம். அவருக்குத் தேவை இன்னொரு ஊசியாக இல்லாமல் தயமின் வைட்டமினாகவோ ரத்தப் பரிசோதனையாகவோ இருக்கலாம். பரபரப்பான இடத்திலும் குறித்த நிமிடங்களில் நோயாளியைப் பார்த்து எழுத முடியும் என்பதற்கும் அந்த ஆய்வே சான்று.

அந்த இளைஞரை ஏன் நான்கு மணி நேரம் யாரும் அவிழ்க்கவில்லை என்று இரவு ஷிப்ட்காரர்களோடு பேசினோம். ஒரு அட்டெண்டர் சொன்னார்: "டாக்டர் ஆர்டர் போட்டுக் கட்னது சிஸ்டர். அவரு சொல்லாம நாங்க எப்டி அவுக்கறது?" சட்டத்தைத் திரும்பப் படித்துப் பாருங்கள். கட்டுவதற்கு மனநல மருத்துவரின் அனுமதி வேண்டும் என்று இருக்கிறது. அவிழ்ப்பதற்கும் வேண்டும் என்று எங்கும் இல்லை. ஆனால் பல வார்டுகளில் ஆர்டர் என்பது இரண்டு பக்கமும் பூட்டுகிற சாவியாகிவிட்டது. தூங்கும் டியூட்டி டாக்டரை எழுப்பி 'அவுக்கலாமா' என்று கேட்க எந்த ஜூனியர் சிஸ்டருக்கும் மனம் வராது. இது தனிமனிதரின் அலட்சியம் இல்லை. இந்த ஒரு விஷயம் தெரிய வந்ததற்காகவே அந்தப் படிவத்தில் அமைதியான நேரத்தைச் சேர்த்தது தகும்.

அடுத்தது, எழுதப்படாத கட்டுகளைத் தேடுவது. எங்கே தேடலாம்? ஊசி புத்தகத்தில் இரவு இரண்டு மணிக்கு ஸ்டாட், அதாவது உடனடி, ஹாலோபெரிடால் என்று இருந்து, கேஸ் ஷீட்டில் கட்டு பற்றி எதுவும் இல்லை என்றால் கேட்க வேண்டும். நைட் ரிப்போர்ட் புத்தகத்தில் 'பெட் 9 கவனிக்கவும்' என்று மட்டும் இருந்தால் கேட்க வேண்டும். ஆனால் இவையும் அதே கைகள் எழுதியவை. அதனால் எழுத்தைச் சாராத ஒரு வழியும் வேண்டும். நாங்கள் தேர்ந்தெடுத்தது நேரடிச் சுற்று. வார்டைச் சேராத ஒருவர், குலுக்கல் முறையில் எடுத்த நேரங்களில், காலை, மதியம், இரவு மூன்று ஷிப்டிலும் கட்டில் கட்டிலாக நடந்து, இந்த நிமிடம் யார் கட்டப்பட்டிருக்கிறார் என்று மட்டும் குறித்துக்கொள்வது. விடியற்காலை 3 முதல் 5 வரை கட்டாயம் சில சுற்றுகள் இருக்க வேண்டும். அந்த நேரத்தை விட்டுவிட்டால் மேலே சொன்ன இளைஞர் யார் கண்ணிலும் படமாட்டார்.

இரண்டையும் வைத்து ஒரு கணக்குப் போடலாம். விளக்கத்துக்காக எண்களை நானே வைக்கிறேன். ஒரு மாதத்தில் பதிவேட்டில் 12 நிகழ்வுகள். நேரடிச் சுற்றில் கண்ணில் பட்டவை 10. இரண்டிலும் இருப்பவை 6. சுற்றில் பார்த்த 10இல் 6 மட்டுமே பதிவேட்டில் இருக்கிறது என்றால், பதிவேடு ஐந்தில் மூன்றைத்தான் பிடிக்கிறது. அப்படியானால் பதிவேட்டின் 12 நிகழ்வுகள் மொத்தத்தில் ஐந்தில் மூன்று பங்கு. மொத்தம் சுமார் 20.

```
12 × 10 / 6 = 20
```

ஏரியில் மீனைப் பிடித்து அடையாளம் போட்டு விட்டு, திரும்ப வலை வீசி மொத்த மீனைக் கணிக்கிற அதே முறை. இதற்கு ஒரு வரம்பு இருக்கிறது. இரண்டு வழிகளும் ஒன்றையொன்று பாதிக்கக் கூடாது. சுற்றுக்கு ஆள் வந்ததைப் பார்த்துவிட்டு சிஸ்டர் அவசரமாகப் பதிவேட்டில் எழுதினால், இரண்டிலும் இருப்பவை கூடிவிடும், கணக்கு உண்மையைவிடக் குறைவாகக் காட்டும். இன்னொன்று, நீண்ட கட்டுகளே சுற்றில் அதிகம் மாட்டும். பத்து நிமிடக் கட்டு சுற்றுக்காரர் வரும் முன்பே முடிந்துவிடும். ஆகவே இருபது என்பதை இறுதி உண்மையாக எடுத்துக்கொள்ளக் கூடாது. 'பன்னிரண்டு இல்லை' என்று சொல்வதற்கு அது போதும்.

பதிவேட்டில் வராத இன்னொரு வகை, வீட்டார் கட்டுவது. துண்டாலும் புடவையாலும் கட்டுவார்கள். ஓர் அம்மா என்னிடம் கொஞ்சமும் மறைக்காமல் சொன்னார்: "நாந்தான்மா கட்னேன். கண்ணு அசந்தா ரோட்டுக்கு ஓடிப்பூடுவான். ராத்திரி ஃபுல்லா நா ஒருத்தியே இன்னா பண்றது?" அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் அது நம் கூரையின் கீழ் நடந்தது. ஆஸ்பத்திரியின் பொறுப்பு. யார் கட்டியது என்ற பத்தியில் 'வீட்டார்' என்று ஒரு இடம் வைத்து எண்ண வேண்டும். அந்த எண்ணிக்கை இரவில் எத்தனை பணியாளர்கள் இருந்தார்கள் என்பதோடு சேர்த்துப் பார்க்கப்பட வேண்டும்.

ஆள் பற்றாக்குறை பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். காரணங்கள் பட்டியலில் 'பணியாளர் போதவில்லை' என்று ஒரு கட்டம் வைத்தால் யாரும் டிக் போட மாட்டார்கள். சட்டம் அதைத் தடுக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். எல்லாக் கட்டுகளும் 'பிறருக்கு ஆபத்து' ஆகிவிடும். அதற்குப் பதில் காரணத்தை, அவர் என்ன செய்தார், யாரை நோக்கிச் செய்தார் என்று ஒரு வாக்கியமாக எழுதச் சொன்னோம். 'அக்ரெஸிவ்' என்பது காரணமாக ஏற்கப்படாது, 'பக்கத்துக் கட்டில்காரரின் கழுத்தைப் பிடித்தார்' என்பது ஏற்கப்படும். அந்த ஷிப்டில் எத்தனை நோயாளிகள், எத்தனை நர்ஸ்கள், எத்தனை அட்டெண்டர்கள் என்பதை டியூட்டி ரோஸ்டரிலிருந்து ஆடிட் செய்பவரே எடுத்துக்கொள்வார். யாரையும் கேட்காமலே படம் தெரிந்துவிடும்.

நோயாளியின் மொழியையும் குறித்தோம். சித்தூர் பக்கத்திலிருந்து தெலுங்கு பேசுபவர்களும், ஆம்பூர், வாணியம்பாடியிலிருந்து உருது பேசுபவர்களும் எங்களிடம் வருகிறார்கள். 'உட்காருங்க, யாரும் அடிக்க மாட்டாங்க' என்பதை அவர் மொழியில் சொல்ல அந்த இரவில் யாராவது இருந்தார்களா? இல்லை என்றால், 'பேசிப் பார்த்தோம், பலனில்லை' என்ற வரிக்கு எவ்வளவு எடை கொடுப்பது?

கட்டப்பட்டிருக்கும்போது என்ன கவனித்தோம் என்பதில் நிறையத் தரங்கள் வைக்கலாம். நாங்கள் கொஞ்சமாகத்தான் வைத்தோம். 15 நிமிடத்துக்கு ஒருமுறை மூச்சு, கைவிரல்களின் நிறம், விழிப்பு நிலை. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு கையாக அவிழ்த்து அசைப்பது, தண்ணீர், பாத்ரூம். நீண்ட நேரம் அசையாமல் கிடப்பவருக்குக் காலில் ரத்தம் உறைந்து நுரையீரலுக்குப் போகலாம். தண்ணீர் குறைந்தால் அந்த ஆபத்து கூடும். கத்திரி வெயிலில் வேலூரில் 40 டிகிரியைத் தாண்டும்போது மின்விசிறி சூட்டைத்தான் வீசும். லித்தியம் மருந்து எடுப்பவருக்கு நீர் வற்றினால் ரத்தத்தில் அதன் அளவு ஏறிவிடும். அதனால் தண்ணீர் கொடுத்த நேரம் என்பது இங்கே சாதாரணக் கட்டம் இல்லை.

இந்தக் கவனிப்புத் தாள்களைப் படிக்கும்போது ஒன்றைப் பாருங்கள். எல்லா நேரமும் 12.00, 12.15, 12.30 என்று சீராக, ஒரே பேனாவில், ஒரே சாய்வில், ஒவ்வொரு வரியிலும் அதே வார்த்தைகளோடு இருந்தால் அது உட்கார்ந்து மொத்தமாக எழுதியதாக இருக்கலாம். 12.04, 12.21, 12.33 என்று கோணல் மாணலாக இருப்பதைத்தான் நான் நம்புவேன். உண்மையில் நடந்துபோய்ப் பார்த்தவருக்கு நேரம் சீராக அமையாது. தாமதத்துக்காக யாரையும் கடிந்துகொள்ளக் கூடாது. கடிந்தால் அடுத்த மாதம் எல்லாத் தாளும் சீராகிவிடும்.

எண்ணிக்கையை வெளியிடும்போது ஆயிரம் நோயாளி-நாளுக்கு இவ்வளவு என்று சொல்ல வேண்டும். வார்டில் சராசரியாக 20 பேர், 30 நாள் என்றால் 600 நோயாளி-நாள். 18 நிகழ்வுகள் என்றால் ஆயிரத்துக்கு 30. கூடவே எத்தனை தனி நபர்கள் என்றும் சொல்ல வேண்டும். பதினெட்டில் ஒன்பது ஒரே நபருடையது என்றால் வார்டு முழுவதற்கும் பயிற்சி வைப்பதைவிட அந்த ஒருவருடைய சிகிச்சைத் திட்டத்தைப் பார்ப்பது முதல் வேலை.

முதல் சுற்றுக்குப் பிறகு நாங்கள் கொண்டுவந்த மாற்றம் ஒன்றே ஒன்று. கட்டும் ஆர்டரிலேயே 'தூங்கிவிட்டாலோ அமைதியாகிவிட்டாலோ நர்ஸ் அவிழ்க்கலாம்' என்ற வரி அச்சிடப்பட்டது. ஒரே நேரத்தில் ஐந்து மாற்றம் செய்தால் எது வேலை செய்தது என்று தெரியாது.

மறு ஆடிட்டில் பதிவேட்டின் எண்ணிக்கை ஏறினால் பதறக் கூடாது. அப்போது நேரடிச் சுற்றின் எண்ணிக்கையைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பதிவேடு ஏறி, சுற்று அப்படியே இருந்தால் அல்லது இறங்கினால், எழுதுவது கூடியிருக்கிறது. இரண்டும் சேர்ந்து ஏறினால் கட்டுவதே கூடியிருக்கிறது. பதிவேடு இறங்கி, சுற்று இறங்கவில்லை என்றால் அதுதான் மோசம்: பயந்து எழுதாமல் விடுகிறார்கள். நிர்வாகத்துக்கு அந்த மூன்றாவது நிலைமை மிக நல்ல செய்தியாகத் தெரியும் என்பதால், இரண்டு எண்களையும் ஒரே வரைபடத்தில் போட்டே கொடுக்க வேண்டும் என்று பிடிவாதமாக இருக்கிறேன்.

கட்டப்பட்டவர்களிடம் கேட்பதைக் கடைசியில் சேர்த்தோம். முதலிலேயே சேர்த்திருக்கலாம் என்பது என் எண்ணம். குணமாகி வீட்டுக்குப் போகும் முன், வார்டைச் சேராத ஒருவர், அவர் மொழியில், விருப்பமிருந்தால் மட்டும், பெயர் எழுதாமல் கேட்கிறார்: ஏன் கட்டுகிறோம் என்று யாராவது சொன்னார்களா, தண்ணீர் கேட்டபோது கிடைத்ததா, எப்போது அவிழ்ப்போம் என்று சொன்னார்களா. மூன்றாவது கேள்வி எங்களுடையது இல்லை. படிவத்தை முன்கூட்டிப் படித்துப் பார்த்துச் சொன்ன ஒரு முன்னாள் நோயாளி, கட்டப்பட்டுக் கிடக்கும்போது மனதில் ஓடுவது அது ஒன்றுதான் என்று சொல்லி எழுதச் சொன்னார். இப்போது கட்டும்போதே எந்த நிலையில் அவிழ்ப்போம் என்று நோயாளியிடமும் வீட்டாரிடமும் சொல்ல வேண்டும் என்பது தரங்களில் ஒன்றாகிவிட்டது. அடுத்த சுற்றில் அதையும் அளக்கப் போகிறோம்.